லூசி பெண் அல்ல

*வணக்கம். அமெரிக்கச் சட்டக் கல்லூரியில் முதலாண்டு சேரும் நித்யா என்ற பெண்ணைப் பற்றி ஒரு சிறுகதை எழுதியிருக்கிறேன். பேராசிரியர் திடீரென்று அவள் பெயரைச் சொல்லிக் கேள்வி கேட்கிறார். வியர்க்கிறது, நாக்கு ஒட்டிக்கொள்கிறது, கடைசியில் ஒருவழியாகப் பதில் சொல்ல, வகுப்பே கைதட்டுகிறது. அங்கே படித்த உறவினர் ஒருவர் படித்துவிட்டு, "பயம் சரிதான், ஆனால் இது கோல்ட் கால் மாதிரியே இல்லையே" என்றார். கதையை இணைத்திருக்கிறேன். எங்கே பிசகு?*

உறவினர் சொன்னது சரி. நித்யா பயப்படுகிறாள் என்று மூன்று பத்தியில் சொல்கிறீர்கள். எதைக் கண்டு பயப்படுகிறாள் என்பது எங்குமே இல்லை. பேராசிரியர் "ஒப்பந்தம் என்றால் என்ன?" என்கிறார், அவள் இலக்கணம் ஒப்பிக்கிறாள். அது பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பது போல. கோல்ட் கால் என்பது, கை தூக்காத மாணவரையும் பேராசிரியரே பெயர் சொல்லி அழைத்துக் கேள்வி கேட்பது. அதில் அப்படி வரையறை கேட்டுவிட்டு விடுவதில்லை. முந்தைய நாள் படித்து வரச் சொன்ன ஒரு தீர்ப்பை எடுத்துக்கொண்டு, அதை மூட்டு மூட்டாகக் கழற்றிக் காட்டச் சொல்வார்கள். ஒரு கேள்விக்குச் சொன்ன பதிலிலிருந்தே அடுத்த கேள்வி கிளம்பும். அதனால் தப்பிக்க வழி இல்லை, பயம் அங்கேதான் இருக்கிறது. உங்கள் கதைக்கு முதலில் வேண்டியது ஒரு நிஜத் தீர்ப்பு.

அதற்கு முன் சில்லறைத் திருத்தங்கள். நித்யாவுக்குப் பதினெட்டு வயது என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே சட்டம் பட்டப்படிப்புக்குப் பிறகு படிக்கும் மூன்றாண்டுப் படிப்பு. முதலாண்டு மாணவிக்குக் குறைந்தது இருபத்தொன்று, இருபத்திரண்டு இருக்கும். வேலை பார்த்துவிட்டு வந்தவர்களும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். பதிலுக்காக அவளை எழுந்து நிற்க வைக்காதீர்கள். எழச் சொல்லும் பேராசிரியர்கள் சிலர் உண்டு என்றாலும் பெரும்பாலும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பேச்சு. கைதட்டல் அறவே வேண்டாம். சரியான பதிலுக்கு அங்கே கிடைக்கும் பரிசு அடுத்த கேள்விதான். "இதில் தோற்றால் ஃபெயில்" என்ற வரியையும் எடுத்துவிடுங்கள். மதிப்பெண் பெரும்பாலும் பருவ முடிவில் எழுதும் தேர்வில்தான் தீர்மானமாகிறது. அந்த விடைத்தாளில் பெயர் கூட இருக்காது, எண் மட்டும்தான். வகுப்பில் பேசியதற்காக மதிப்பெண்ணைக் கொஞ்சம் ஏற்றி இறக்குபவர்கள் உண்டு, அவ்வளவுதான். எனவே நித்யா அந்த அறையில் இழக்கக்கூடியது மதிப்பெண் அல்ல, எழுபது எண்பது பேர் முன்னிலையில் முகம். கதைக்கு இது மேலும் நல்லது.

இன்னொன்று, பேராசிரியர் அவளை "நித்யா" என்று அழைக்க மாட்டார். கோல்ட் கால் நடத்தும் பேராசிரியர்களில் பலர் மிஸ்டர், மிஸ் போட்டுக் குடும்பப் பெயரைத்தான் சொல்வார்கள். மேடை மேசையில் இருக்கைப் படம் இருக்கும். முதல் வாரத்தில் யார் எங்கே உட்கார்ந்தார்களோ அந்த இடத்தில் அவரவர் பெயர், பல இடங்களில் புகைப்படமும். நம் பெண்ணுக்குக் குடும்பப் பெயர் என்று பாஸ்போர்ட்டில் இருப்பது அப்பாவின் பெயர். ஆக, "மிஸ் கதிரேசன்" என்று அறையில் ஒலிக்கும்போது, அது தன்னைத்தான் என்று அவளுக்கு உறைக்கவே ஒரு நொடி ஆகும். அப்பாவை யாரோ கூப்பிடுவது போல் இருக்கும். நீங்கள் மூன்று பத்தி வியர்வையில் செய்ய முயன்றதை இந்த ஒரு நொடி செய்துவிடும்.

இனி தீர்ப்பு. முதலாண்டு ஒப்பந்தச் சட்ட வகுப்பில் அடிக்கடி படிக்கப்படும் லூசி எதிர் ஸேமர் வழக்கைப் பரிந்துரைக்கிறேன். வெர்ஜீனியா மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 1954-இல் சொன்ன தீர்ப்பு. கதை எழுதுபவருக்குக் கேட்காமலே கிடைத்த கதை அது.

1952 டிசம்பர் 20, சனிக்கிழமை இரவு. மரத் தொழிலும் விவசாயமும் செய்யும் டபிள்யூ. ஓ. லூசி, ஒரு விஸ்கி பாட்டிலோடு ஸேமரின் உணவகத்துக்குப் போகிறார். ஸேமருக்கு 471.6 ஏக்கரில் ஃபெர்குசன் பண்ணை என்று ஒரு நிலம். அதை வாங்க லூசிக்கு வெகுநாள் ஆசை. ஏழெட்டு வருடம் முன்பே இருபதாயிரம் டாலருக்குக் கேட்டவர். அன்று குடித்துக்கொண்டே ஐம்பதாயிரத்துக்குப் பேச்சு நடக்கிறது. ஸேமர் உணவக ரசீதுத் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் "நான் விற்கச் சம்மதிக்கிறேன்" என்று எழுதுகிறார். மனைவியும் கையெழுத்திட வேண்டுமே என்று லூசி சொல்ல, அதைக் கிழித்துவிட்டு "நாங்கள் விற்கச் சம்மதிக்கிறோம்" என்று மாற்றி எழுதுகிறார். மனைவி ஐடாவும் கையெழுத்திடுகிறார். லூசி தாளை எடுத்துக்கொண்டு, பேரத்தை உறுதி செய்ய ஐந்து டாலரை நீட்டுகிறார், ஸேமர் வாங்கவில்லை. பிறகு ஸேமர், "அது வெறும் வேடிக்கை, இரண்டு குடிகாரர்கள் யார் பெரிதாக அளப்பது என்று பார்த்தோம்" என்று பின்வாங்குகிறார். எழுதிக் கொடுத்தபடி நிலத்தைத் தர வேண்டும் என்று, அதாவது ஏற்றதை ஆற்றக் கோரி, லூசி வழக்குப் போடுகிறார்.

விசாரணை நீதிமன்றத்தில் லூசி தோற்றார். மேல்முறையீட்டில் ஜெயித்தார். ஸேமர் மனதுக்குள் என்ன நினைத்தார் என்பது பொருட்டல்ல, அவருடைய சொல்லும் செயலும் வெளியே பார்க்கிற நியாயமான ஒருவருக்கு என்ன பொருள் தந்தது என்பதுதான் அளவுகோல் என்பது தீர்ப்பின் சாரம்.

இப்போது கேள்விகளின் வரிசையைப் பாருங்கள், உங்கள் காட்சியின் எலும்புக்கூடு அதுதான். முதலில் நடந்தது என்ன என்று கேட்பார்கள். அடுத்தது வழக்கு எந்தப் படிகளில் ஏறி இந்த நீதிமன்றத்துக்கு வந்தது, கீழே யார் ஜெயித்தார்கள் என்பது. மூன்றாவது, இந்த நீதிமன்றம் தீர்க்க வேண்டியிருந்த கேள்வி எது. பிறகு என்ன முடிவு, ஏன். இவை எல்லாம் வாசலைத் தாண்டும் வரைக்கும்தான். அதன்பின் வருவது ஹைப்போ எனப்படும் கற்பனைச் சூழல்: ஒரே ஒரு விவரத்தை மாற்றிவிட்டு, "இப்போதும் அதே முடிவுதானா?" என்று கேட்பது. முதலாண்டு மாணவர்கள் இரவு கண் விழித்து எழுதிவரும் அரைப் பக்கச் சுருக்கம், அவர்கள் பிரீஃப் என்று சொல்வது, முதல் பகுதிக்கு உதவும். ஹைப்போவுக்கு அதில் பதில் இருக்காது. குனிந்து தாளைப் பார்த்துக்கொண்டிருக்கும் மாணவி எந்த இடத்தில் நிமிர்ந்தே ஆக வேண்டும் என்பது உங்களுக்கு இப்போது தெரிந்திருக்கும்.

எங்கே தடுக்கி விழுவாள்? இந்த வழக்கில் இரண்டு குழிகள் இருக்கின்றன. முதலாவது லூசி என்ற பெயர். அது குடும்பப் பெயர், ஆள் ஆண். முழுத் தீர்ப்பையும் படித்தவளுக்கும், பதற்றத்தில் வாயைத் திறந்தால், "அவள் நிலத்தை வாங்க விரும்பினாள்" என்று வந்துவிடும். இது கூச்சம் தரும் பிழை, ஆனால் கொல்லாத பிழை. இரண்டாவதுதான் ஆழமானது: கீழமை நீதிமன்றத்தில் யார் ஜெயித்தார்கள் என்பது. புதிதாகப் படிப்பவர்கள் ஒரு தீர்ப்பில் சம்பவத்தையும் கடைசி முடிவையும்தான் நினைவில் வைப்பார்கள். சம்பவம் கதை போல இருப்பதால் ஒட்டிக்கொள்கிறது, நடைமுறை வரலாறு ஒட்டாது. லூசி ஜெயித்த வழக்கு என்று மனதில் பதிந்திருப்பதால், "கீழேயும் லூசிதான்" என்று சொல்லிவிடுவாள். உடனே பேராசிரியர், "அப்படியென்றால் ஜெயித்தவர் எதற்காக மேல்முறையீட்டுக்கு வந்தார்?" என்பார். திட்டவில்லை, குரல் உயரவில்லை. அவள் சொன்னதை அவளிடமே திருப்பிக் கொடுத்திருக்கிறார். கோல்ட் காலின் கூர்மை இந்தத் திருப்பத்தில்தான் இருக்கிறது. உங்கள் கதையில் மேசையைத் தட்டுகிற பேராசிரியரை மாற்றிவிட்டு, இப்படி மரியாதையோடு விடாமல் கேட்கிறவரை உட்கார வையுங்கள். நீங்கள், உங்கள் என்றே அவர் பேசட்டும். மிஸ் போட்டு அழைப்பவர் தமிழில் ஒருமையில் பேசினால் ஒட்டாது.

நடையைக் காட்ட ஒரு துண்டு மட்டும் எழுதிப் பார்க்கிறேன். இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

> "மிஸ் கதிரேசன்."
>
> அப்பா இங்கே எப்படி வந்தார் என்றுதான் முதலில் தோன்றியது. பக்கத்து இருக்கைக்காரன் திரும்பிப் பார்த்தான்.
>
> "இருக்கிறேன்."
>
> "நல்லது. லூசிக்கு என்ன வேண்டும்?"
>
> பிரீஃபில் முதல் வரி 1952 டிசம்பர் என்று தொடங்கியது. என்ன வேண்டும் என்பதற்கு அதில் வரி இல்லை. "அவள் ஒரு பண்ணையை வாங்க…"
>
> "அவள்?"
>
> மூன்றாவது வரிசையில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். "அவர். அவர் வாங்க விரும்பினார். ஸேமர் எழுதிக் கொடுத்தார்."
>
> "எதில்?"
>
> "ரசீதில். உணவகத்து ரசீதின் பின்பக்கம்."
>
> "எத்தனை முறை?"
>
> இது பிரீஃபில் இல்லை. ஆனால் மஞ்சள் கோடு போட்டது ஞாபகம் இருந்தது. பக்கத்தைப் புரட்டினாள். எல்லாமே மஞ்சளாக இருந்தது.

இதில் பயம் என்ற சொல் இல்லை என்பதைக் கவனியுங்கள். பேராசிரியர் "நடந்ததைச் சொல்லுங்கள்" என்று கேட்காமல் "லூசிக்கு என்ன வேண்டும்" என்று தொடங்குவது வேண்டுமென்றே செய்தது. தயாரித்து வந்த முதல் வரி கைக்கு உதவாமல் போகும்படி கேள்வியை ஒரு அங்குலம் நகர்த்தி வைத்தால் போதும். எத்தனை முறை எழுதினார் என்ற கேள்வியும் துணுக்குக்காக வந்ததல்ல. கிழித்துவிட்டு மறுபடி எழுதியது, அரை மணிக்கும் மேலாகப் பேசியது, மனைவியிடம் கையெழுத்து வாங்கியது, பட்டா பத்திரம் வாங்குபவருக்குத் திருப்தியாக இருக்க வேண்டும் என்று வரி சேர்த்தது, லூசி தாளை எடுத்துப் போனபோது தடுக்காதது: இவைதான் "வேடிக்கை இல்லை, வியாபாரம்" என்று நீதிமன்றம் முடிவுக்கு வரக் காரணமானவை. நித்யா சின்ன விவரம் என்று தாண்டிப் போனது தீர்ப்பின் தூணாக இருக்கிறது.

அந்த மஞ்சள் பக்கத்தைக் கதையில் விடாதீர்கள். முதல் வாரங்களில் எது முக்கியம் என்று தெரியாததால் எல்லாவற்றுக்கும் கோடு போடுவார்கள். தேட வேண்டிய நொடியில் கோடே மறைப்பாகிவிடும். உடம்பில் நடப்பதை எழுதியே ஆக வேண்டுமென்றால் இப்படி ஒரு வேலையின் வழியாக எழுதுங்கள். வரி தவறும் கண், ஒரே வாக்கியத்தை மூன்று முறை படித்தும் பொருள் ஏறாமை, கேட்ட கேள்வியைத் திரும்பச் சொல்லி நேரம் வாங்குவது. வியர்வையும் வறண்ட தொண்டையும் மேடைப் பேச்சுக்கும் பெண் பார்க்கும் படலத்துக்கும் கூடப் பொருந்தும்.

அறையின் ஒலியையும் பயன்படுத்தலாம். பலர் மடிக்கணினியில் குறிப்பெடுப்பார்கள். பேராசிரியர் பேசும்போது விசைகள் மழை போலக் கேட்கும். மாணவர் பதில் சொல்லத் தொடங்கினால் பெரும்பாலும் ஓய்ந்துவிடும், ஏனென்றால் சக மாணவரின் பதிலை யாரும் நம்பிக் குறித்துக்கொள்வதில்லை. நித்யா பேச ஆரம்பித்ததும் மழை நிற்கிறது. நடுவில் ஒரு பதிலுக்குப் பிறகு நாலைந்து விசைகள் மட்டும் கேட்கின்றன என்றால், அவள் உருப்படியாக ஏதோ சொல்லிவிட்டாள் என்பது வாசகருக்குப் புரியும். நீங்கள் கைதட்டலை வைத்த இடத்தில் இதை வைக்கலாம்.

ஹைப்போவுக்கு வருவோம். இந்த வழக்கில் கையெழுத்திடும் முன் ஐடா தயங்க, ஸேமர், இது விளையாட்டுதான் என்று அவர் காதில் சொல்லியிருக்கிறார். லூசிக்கு அது கேட்கவில்லை. பேராசிரியர் நகர்த்தும் விவரம் இதுவாக இருக்கட்டும்: "லூசிக்குக் கேட்டிருந்தால்?" அப்போது முடிவு மாறும். எதிராளி விளையாடுகிறார் என்று தெரிந்துகொண்டே தாளை எடுத்துப் போனவர் ஒப்பந்தம் என்று பேச முடியாது. நித்யா இதைச் சரியாகச் சொன்னால் அடுத்து இன்னொன்று: "சரி, யாருக்கும் எதுவும் கேட்கவில்லை, ஆனால் விலை ஐம்பதாயிரம் அல்ல, ஐம்பது டாலர். இப்போது?" இதற்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் விடை கிடையாது. அந்தப் பண்ணையை ஸேமர் பதினோராயிரம் டாலருக்கு வாங்கியிருந்தார், ஐம்பதாயிரம் நியாயமான விலை என்பதும் நீதிமன்றம் பார்த்த ஒன்று. விலை ஐம்பது டாலராக இருந்தால், வெளியே நின்று பார்க்கிற நியாயமான ஆள் அதை வியாபாரம் என்று நம்புவாரா என்ற கேள்வி எழும்.

இங்கே நித்யா செய்யக்கூடிய தவறு, "அது நியாயமில்லை" என்று சொல்வது. மனதில் பட்டதைச் சொல்கிறாள், ஆனால் தீர்ப்பில் இருக்கும் அளவுகோலை விட்டுவிட்டாள். "யாருக்கு நியாயமில்லை? இந்த நீதிமன்றம் அதையா கேட்டது?" என்று பேராசிரியர் திருப்பிக் கொண்டுவருவார். இன்னொரு பொதுவான வழுக்கல், குடிபோதையைப் பிடித்துக்கொள்வது. "அவர் குடித்திருந்தார், அதனால் செல்லாது" என்பது கதையாகக் கேட்டால் இயல்பான பதில். ஆனால் ஒப்பந்தம் செய்ய முடியாத அளவுக்கு ஸேமர் குடித்திருக்கவில்லை என்பதை அவர் பக்கத்து வழக்கறிஞரே வாதத்தில் ஒப்புக்கொண்டுவிட்டார், அதுவும் தீர்ப்பில் இருக்கிறது. தீர்ப்பைப் படித்தவருக்கும் சம்பவத்தை மட்டும் படித்தவருக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒரு கேள்வியில் வெளிப்பட்டுவிடும். உங்கள் காட்சியில் இந்தத் தவறுகள் எல்லாவற்றையும் அடுக்காதீர்கள். ஒன்று சின்னது, ஒன்று பெரியது போதும். மூன்றாவது வந்தால் நித்யா படிக்காமல் வந்தவள் ஆகிவிடுவாள். கதை படித்துவிட்டு வந்து தடுமாறுகிறவளைப் பற்றியது.

இந்த முறையின் வரலாறு, 1870-இல் ஹார்வர்டில் சட்டத்துறைத் தலைவரான லாங்டெல் தீர்ப்புகளைக் கொண்டு பாடம் நடத்தத் தொடங்கியது, இதையெல்லாம் உங்கள் இரண்டாம் பக்கத்தில் ஒரு பத்தி முழுக்கச் சொல்லியிருக்கிறீர்கள். வெட்டிவிடுங்கள். அந்த நேரத்தில் நித்யாவின் தலையில் லாங்டெல் இருக்க மாட்டார்.

ஒரு தேர்வு மட்டும் உங்களுடையது. சில பேராசிரியர்கள் யாரை வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் அழைப்பார்கள். சிலர் இன்று இந்த வரிசை, நாளை அந்த வரிசை என்று முன்பே சொல்லிவிடுவார்கள். சிலர் பெயர் வரிசையில் போவார்கள். திடீர் அழைப்பு என்றால் கதை பெயர் ஒலிக்கும் நொடியில் தொடங்கலாம். பெயர் வரிசை என்றால் அகரவரிசையில் தனக்கு முன்னால் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டிருப்பவளின் காத்திருப்பே கதை. நீங்கள் முதல் பக்கத்தில் வரிசை என்று எழுதி, மூன்றாம் பக்கத்தில் திடீரென்று அழைக்கிறீர்கள். உறவினருக்கு உறுத்தியதில் இதுவும் ஒன்றாக இருக்கலாம். என் சாய்வு திடீர் அழைப்பின் பக்கம். அப்பாவின் பெயர் ஒலிப்பது அதில்தான் வேலை செய்யும்.

முடிவு. கோல்ட் கால் முடிந்துவிட்டது என்று யாரும் அறிவிப்பதில்லை. "நன்றி" என்று ஒரு சொல் வரலாம், வராமலும் போகலாம். பேராசிரியர் வேறொரு பெயரைச் சொல்வார், விசைகளின் மழை மறுபடி தொடங்கும். நித்யாவும் கையை விசைப்பலகைக்குக் கொண்டு போவாள். அங்கே தேதியும் வழக்கின் பெயரும் இருக்கும், அதற்குக் கீழே எதுவும் இருக்காது. அவள் பேசிக்கொண்டிருந்த பத்துப் பன்னிரண்டு நிமிடங்களுக்கு அவளிடம் குறிப்பே கிடையாது. தான் என்ன சொன்னோம் என்பது கூட அவளுக்குச் சரியாக நினைவிருக்காது. வகுப்பு முடிந்ததும் பக்கத்து இருக்கைக்காரனிடம்தான் கேட்டு வாங்க வேண்டும். அவன் குறிப்பில் லூசி அவராக இருக்கிறாரா, அவளாக இருக்கிறாளா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.